சித்தப்பாவின் உயிலில் இரண்டு காலி இடங்கள்

சித்தப்பாவுக்கு 74 வயது. போன வருடம் ஒருநாள் இரவு தன் உயிலின் வரைவை எனக்கு அனுப்பி, "நீ எழுத்துப் பிழை பார்க்கிறவன்தானே, ஒரு தடவை படிச்சுப் பாரு" என்று கேட்டார். நான் மெய்ப்புத் திருத்துபவன். சட்டம் படித்தவன் இல்லை. படிக்க மட்டும்தானே சொல்கிறார் என்று உட்கார்ந்துவிட்டேன்.

நான்கு பக்கம். மூன்று பக்கத்தில் சொத்து விவரமும் யாருக்கு என்ன என்பதும் இருந்தன. வீடு மகளுக்கு, நிலம் மகனுக்கு, வங்கியில் இருப்பது இருவருக்கும் சரிபாதி. கடைசிப் பக்கத்தில் சித்தப்பாவின் பெயருக்குக் கீழே 'சாட்சிகள்' என்ற தலைப்பும், 1, 2 என்று இரண்டு எண்களும், எதிரே புள்ளிக்கோடும். பெயர், தகப்பனார் பெயர், வயது, முகவரி எதுவும் இல்லை. தேதியிலும் நாளும் மாதமும் காலி.

சாதாரணமாகப் படித்து எவ்வளவு சொல்ல முடியுமோ அவ்வளவையும் எழுதினேன். வீட்டின் கதவு எண் ஒரு பக்கத்தில் ஒன்றாகவும் அட்டவணையில் வேறாகவும் இருந்தது. மகளின் பெயர் ஓரிடத்தில் தலைப்பெழுத்தோடு, இன்னோரிடத்தில் கணவர் பெயரோடு. பட்டியலில் வராத சொத்து ஏதாவது இருந்தால் யாருக்கு என்று ஒரு வரிகூட இல்லை. சாட்சி விவரம் காலி. இதெல்லாம் கண்ணுக்குத் தெரிவது. யார் படித்தாலும் சொல்லிவிடலாம்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். "சாட்சி யாருன்னு சொல்லுங்க, நானே தட்டச்சு செஞ்சு அனுப்புறேன்" என்றும் எழுதித் தொலைத்தேன். பெயர்கள் உடனே வந்தன: பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவர், அவருக்குச் சித்தப்பாவைவிட நான்கு வயது கூட. இன்னொருவர் மருமகன், அதாவது வீடு யாருக்குப் போகிறதோ அந்த மகளின் கணவர். இது சரியா என்று உயிலை எத்தனை முறை படித்தாலும் தெரியப்போவதில்லை. விடை அந்த நான்கு பக்கத்துக்குள் இல்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. வக்கீலைப் பார்க்கலாம் என்றேன். சித்தப்பாவுக்கு விருப்பமில்லை, இருந்தும் வந்தார்.

வக்கீலம்மா கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டினார். காலியாக இருப்பதைப் பார்த்து அவர் பதறவில்லை. "வரைவுன்னா காலியாத்தான் இருக்கும். இதுக்கு முன்னாடி உயில் ஏதாவது எழுதியிருக்கீங்களா?" என்று கேட்டார். சித்தப்பா தயங்கிவிட்டு, 2009-இல் ஒன்று பதிவு செய்ததாகச் சொன்னார். அதில் எல்லாமே மகனுக்கு. எனக்கு அது புதுச் செய்தி.

வரைவின் முதல் பக்கத்தில் 'இதற்கு முன் எழுதிய உயில்கள் அனைத்தையும் ரத்து செய்கிறேன்' என்று ஒரு வரி இருந்தது. அதைப் படித்துவிட்டுச் சரி என்று நான் கடந்து போயிருந்தேன். வக்கீலம்மா அந்த வரியைத் தொட்டுக் காட்டினார். கையெழுத்தும் சாட்சியும் முறையாக விழும்வரை இந்த வரிக்கு எந்தச் சக்தியும் கிடையாது. அதற்குள் சித்தப்பாவுக்கு ஏதாவது ஆனால் 2009 உயில்தான் நிற்கும். கையெழுத்துப் போட்டும் சாட்சி விஷயத்தில் கோட்டை விட்டால், அப்போதும் பழையதுதான் நிற்கும். மகளுக்கு வீடு கிடைக்குமா கிடைக்காதா என்பதே அந்த இரண்டு புள்ளிக்கோட்டில் தொங்கிக்கொண்டிருந்தது.

அப்புறம் சாட்சி என்றால் என்ன என்பதை விளக்கினார். உயிலில் என்ன எழுதியிருக்கிறது என்பதற்குச் சாட்சி தேவையில்லை, அவர் அதைப் படிக்கவும் வேண்டாம். எழுதியவர் கையெழுத்துப் போட்டதற்குத்தான் சாட்சி. 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி குறைந்தது இரண்டு பேர் வேண்டும். எழுதியவர் கையெழுத்துப் போடுவதை ஒவ்வொருவரும் பார்த்திருக்க வேண்டும், அல்லது 'இது என் கையெழுத்துதான்' என்று அவர் வாயால் கேட்டிருக்க வேண்டும். பிறகு அவர் முன்னிலையிலேயே இவர்கள் கையெழுத்திட வேண்டும். வக்கீலம்மா அடிக்கடி பார்க்கும் தவறு இதுதானாம்: அப்பா வீட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார், பையன் அலுவலகத்துக்கு எடுத்துப்போய் நண்பர்கள் இருவரிடம் சாட்சிக் கையெழுத்து வாங்கி வருவான். தாளில் எல்லாம் நிரம்பியிருக்கும், சாட்சியாக நிற்காது. காலி இடம் இருந்தால் கண்ணுக்காவது தெரியும். இந்தக் குறை எந்த மெய்ப்புத் திருத்துபவனுக்கும் தெரியாது.

பக்கத்து வீட்டுப் பெரியவர் ஏன் வேண்டாம் என்றால், பின்னால் தகராறு வந்து உயிலை நீதிமன்றத்தில் நிரூபிக்கும்போது, சாட்சிகளில் ஒருவராவது உயிரோடு இருந்தால் அவரைக் கூண்டில் ஏற்ற வேண்டும். இருவருமே இல்லையென்றால் கையெழுத்தை அடையாளம் காட்டி நிரூபிக்க வழி உண்டு, ஆனால் அது கஷ்டமான பாதை. அதனால் சித்தப்பாவைவிட நன்றாக வயதில் குறைந்தவர், தேடினால் கிடைக்கிறவர் நல்லது.

மருமகன் விஷயம் இன்னும் நுட்பம். அதே சட்டத்தின் 67-ஆம் பிரிவுப்படி, சாட்சிக்கோ சாட்சியின் கணவன் மனைவிக்கோ உயிலில் எழுதியது செல்லாது. உயில் மட்டும் நிற்கும். ஆனால் அந்தப் பிரிவு இந்துக்கள் எழுதும் உயிலுக்குப் பொருந்தாது என்றார். சித்தப்பா நிமிர்ந்தார். "அப்ப போடலாம்ல?" "சட்டம் தடுக்கலைங்க ஐயா. நான் தடுக்கிறேன்" என்றார் வக்கீலம்மா. பழைய உயிலில் எல்லாம் மகனுக்கு, புதியதில் வீடு மகளுக்கு, சாட்சி மகளின் கணவர். சந்தேகம் கிளப்ப மகனின் வக்கீலுக்கு வேறு என்ன வேண்டும்?

இணையத்தில் நான் படித்துக் குழம்பியதும் அங்கேதான் தெளிந்தது. இங்கிலாந்தில் சாட்சிகள் இருவரும் ஒரே நேரத்தில் அங்கே இருந்தாக வேண்டும்; இந்தியாவில் அது கட்டாயமில்லை. இலங்கையில் நொத்தாரிசு, அதாவது நோட்டரி, முன்னால் இரண்டு சாட்சி, நொத்தாரிசு இல்லையென்றால் ஐந்து சாட்சி. எந்த நாட்டுச் சட்டத்தைப் பற்றிச் சொல்கிறார்கள் என்று பார்க்காமல் எல்லாவற்றையும் கலந்து வைத்திருந்தேன்.

கையெழுத்து நாளன்று மகனையும் மகளையும் கூப்பிடவில்லை. என்னையும் வெளியே உட்காரச் சொன்னார்கள். சாட்சிகள் சித்தப்பாவுக்கு வழக்கமாக வைத்தியம் பார்க்கும் டாக்டரும், சித்தப்பாவின் பழைய அலுவலகத்தில் வேலை பார்த்த நாற்பது வயதுக்காரர் ஒருவரும். கண்ணாடிக் கதவு வழியே பார்த்தேன். சித்தப்பா முதலில் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார், அவர்கள் இருவரும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தேதியைத் தன் கையாலேயே எழுதினார். பிறகு அவர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் பெயரையும் முகவரியையும் எழுதிக் கையெழுத்திட்டார்கள். அலுவலக நண்பர் வீட்டு எண்ணைத் தப்பாக எழுதிவிட்டு அடிக்கப் போனார். வக்கீலம்மா அவர் கையைத் தடுத்து, அந்தத் தாளை ஓரம் வைத்து, கடைசிப் பக்கத்தைப் புதிதாக அச்செடுத்து முதலிலிருந்து போட வைத்தார். கையெழுத்துக்குப் பின் ஒரு எழுத்தை மாற்றினாலும் அதற்கும் அதே மாதிரி சாட்சி வேண்டும், எது முன்னால் எது பின்னால் என்று நாளைக்கு யார் சொல்வது என்றார்.

அடுத்த வாரம் அதைப் பதிவும் செய்தோம். கட்டாயமில்லை, ஆனால் பழையது பதிவானது என்பதால் புதியதும் இருக்கட்டும் என்றார் வக்கீலம்மா. பதிவு செய்துவிட்டால் சாட்சி தேவைப்படாது என்று நினைத்துவிட வேண்டாம் என்றும் சொல்லி அனுப்பினார். வீட்டுக்கு வந்ததும் சித்தப்பா உயிலை வைத்த உறையின் மேல் டாக்டரின் எண்ணையும் நண்பரின் எண்ணையும் எழுதினார். நான் என் கைப்பேசியிலிருந்த வரைவை அழித்தேன்.