கடைசி ஸ்லைடுல விலை போடாதது

"விலையை எழுதிப் போட்டா வேணும்னவன் வருவான், வேண்டாதவன் போவான். நீ அவங்கள உள்ள கூப்பிட்டு உக்கார வச்சு பேச்சுக் குடுத்து விக்க சொல்லுத. இதுல எது மக்கா நேர்வழி?"

தேன்கார அண்ணன் இத கேட்டப்ப நான் சிரிச்சுட்டு வேற பேச்சுக்கு போயிட்டேன், ஏதோ ரீச் அது இதுன்னு சொல்லி சமாளிச்சேன். அந்த கேள்வி மட்டும் இன்னும் போக மாட்டேங்குது. விலைய முன்னால நீட்டாம பேசிப் பழகி விக்கறது, சாஃப்ட் செல்லுன்னு நாங்க சொல்றது, நல்ல பழக்கம், விலையை முகத்துல அடிக்கிற மாதிரி போடறது மட்டமான பழக்கம்னு இன்ஸ்டாவுக்கு போஸ்ட் டிசைன் பண்ற இந்த தொழில்ல எல்லாருமே நம்பிட்டுதான் வேலை பாக்கறோம், நானும்தான். ஆனா மார்த்தாண்டத்துல வருசக்கணக்கா தேன் வித்துட்டு இருக்கற ஒருத்தருக்கு அது தலைகீழா தெரியுது, அவர் சொன்னதுல தப்புன்னு என்னால கை வச்சு காட்டவும் முடியல.

விசயம் இதுதான். நம்ம பக்கம் தேன்னா பெரும்பாலும் ரப்பர் தேன்தானே. ஜனவரி கடைசி, பிப்ரவரின்னு ரப்பர் புது இலை விடும்போது இலைக்காம்பு முனையில மதுரம் கசியும், பூவுல இருந்து இல்ல, அத எடுத்து பூச்சி சேக்கற தேன். இந்த தேன் சீக்கிரமா உறையும். குளுக்கோஸ் அதிகமா இருக்கற தேன் எல்லாமே அப்படித்தான், குப்பிக்கு அடியில வெள்ளையா மணல் மாதிரி படியும். நம்ம ஊர்க்காரங்களுக்கு இது தெரியும், ஆனா சென்னை கோயம்புத்தூர்ல வாங்குனவங்களும் பாறசாலை தாண்டி கேரளா பக்கம் வாங்குனவங்களும் போன் போட்டு சீனிப்பாகு கலந்துட்டீங்களான்னு கேப்பாங்க. இந்த ஒரே பேச்ச தினமும் பேசி அண்ணனுக்கு தொண்டை போச்சு. அதுக்குத்தான் இன்ஸ்டாவுல ஒவ்வொரு ஸ்லைடா தள்ளிப் பாக்கற போஸ்ட், கரோசல்னு சொல்றது, அத கேட்டார்.

அவர் மனசுல இருந்தது வேற. முதல் ஸ்லைடு 'உறைஞ்சாத்தான் அசல் தேன்', நடுவுல ரெண்டு ஸ்லைடு தண்ணி கிளாஸ்ல தேன் விட்டா நேரா அடிக்கு போகும், எறும்பு மொய்க்காதுன்னு, கடைசில குப்பி போட்டோவும் விலையும் இன்றே ஆர்டர் செய்யுங்களும். இத அப்படியே போட்டா நல்லா ஓடும், அதுல சந்தேகமே இல்ல. ஆனா எறும்பு தேன் தின்னும், எல்லார் வீட்டு அலமாரியிலயும் பாத்திருப்போம். கெட்டியா காய்ச்சுன சர்க்கரைப் பாகும் கிளாஸ் அடிக்கு நேராதான் போகும். உறைஞ்சா அசல்னு சொல்றதும் பாதி உண்மைதான், கலப்படத் தேனும் உறையலாம், கலப்படமே இல்லாத சில தேன் மாசக்கணக்கா உறையாமலும் இருக்கலாம். வீட்ல செஞ்சு பாக்கற டெஸ்ட் எதுவும் கலப்படத்த உறுதியா சொல்லாது, லேப்புக்குத்தான் போகணும். இத சொன்னதும் அண்ணன் கேட்ட முதல் கேள்வி, "அப்ப இத போட்டு எனக்கு என்ன லாபம்?"

எனக்கு இங்கதான் வேலை பிடிச்சுது. ஒன்ன சொல்லிக் குடுக்கற கரோசல்ல பாடம் எங்க முடியுதோ அங்க விற்பனை தொடங்கணும், பாடத்துக்கு நடுவுல நுழையக்கூடாதுன்னு நான் நினைக்கறேன். அதாவது எட்டு ஸ்லைடுல ஏழாவது வரைக்கும் படிச்சவன் எங்கயும் ஒன்னும் வாங்காமலே அவன் பிரச்சனைய தீத்துக்கணும். எட்டாவதுல அந்தப் பாடத்தால தீராத ஏதோ ஒன்னு மிச்சம் இருக்கணும், கடைக்காரர் அதுக்கு மட்டும் வரணும். மிச்சமே இல்லாத பாடத்துக்கு பின்னாடி குப்பி போட்டோ போட்டா அது ஒட்ட வச்ச மாதிரிதான் தெரியும், கட்டைவிரல் தானா தள்ளிட்டு போயிடும்.

அதனால இப்படி அடுக்குனேன். முதல் ஸ்லைடுல கேள்வி மட்டும், 'தேன் அடியில வெள்ளையா உறைஞ்சிருக்கா?', பின்னாடி உறைஞ்ச குப்பியோட அடிப்பாகம் மட்டும் கிட்டத்துல எடுத்த போட்டோ, கம்பெனி பேர் இல்ல லோகோ இல்ல. ரெண்டாவதுல உடனே பதில், 'கெட்டுப் போகல, குளுக்கோஸ் படிஞ்சிருக்கு'. பதில கடைசி வரைக்கும் இழுத்துட்டு போகலாமேன்னு சிலர் சொல்லுவாங்க. ஆனா முதல் ஸ்லைடோட தாண்டிப் போனவங்களுக்கு இன்ஸ்டா சில சமயம் அதே போஸ்ட்ட இன்னொரு தடவை ரெண்டாவது ஸ்லைடுல இருந்து காட்டும், அப்ப ரெண்டாவது தனியா நின்னு அர்த்தம் தரணும், 'அடுத்து பாருங்க'ன்னு மட்டும் எழுதி வச்சிருந்தா அந்த வாய்ப்பு வீண். மூணாவதுல ரப்பர் இலைக்காம்பு படம். நாலாவதுதான் உண்மையிலயே பயன்படற ஸ்லைடு, உறையறதுக்கும் புளிக்கறதுக்கும் உள்ள வித்தியாசம். அடியில மணல் மணலா இருந்தா உறைஞ்சது. மேல நுரை நிக்குது, மூடிய திறந்தா புஸ்ஸுன்னு காத்து வருது, கள்ளு மாதிரி புளிச்ச வாடை அடிக்குதுன்னா அது புளிச்சது, தேன்ல ஈரம் கூடிப்போனா வர்றது. ஈரம் 20 சதவீதத்துக்கு மேல போகக்கூடாதுங்கறது நம்ம நாட்டு உணவு பாதுகாப்பு விதியிலயே இருக்கு. அஞ்சாவதுல உறைஞ்சத இளக்கற விதம், கை பொறுக்கற சூட்டுத் தண்ணில, ஒரு 40ல இருந்து 45 டிகிரி, குப்பிய இறக்கி வைக்கணும், ஆறுனா தண்ணிய மாத்தணும், அடுப்புல நேரா வைக்கவே கூடாது. ஆறாவதும் ஏழாவதும்தான் அண்ணனுக்கு பிடிக்காத ஸ்லைடுங்க, உறைஞ்சது சுத்தத்துக்கு சாட்சி இல்ல, தண்ணி கிளாஸும் எறும்பும் சாட்சி இல்ல.

டிசைன் பக்கம் பெருசா சொல்ல ஒன்னுமில்ல. 1080க்கு 1350 சைஸ், வலது மேல் மூலையில ஆப் போடற 1/8 எண் எழுத்து மேல ஏறாம கொஞ்சம் இடம் விட்டேன். தமிழ்ல தலைப்ப பெருசா வச்சு வரிய நெருக்குனா மேல் வரியோட கு, மு காலும் கீழ்வரியோட கி, ங் தலையும் இடிச்சுக்கும், இங்கிலீஷ் டெம்ப்ளேட்ட அப்படியே எடுத்து தமிழ கொட்டறவங்க எல்லாரும் இதுலதான் மாட்டுவாங்க. ஒரு ஸ்லைடுக்கு ஒரு சேதி, அதுக்கு மேல ஏத்தல.

எட்டாவது ஸ்லைடு. உறைஞ்சதா புளிச்சதான்னு படிச்சும் சிலருக்கு குழப்பம் இருக்கும், அதுதான் எனக்கு மிச்சமா கிடைச்சது. 'உங்க வீட்டு குப்பி எதுலயாவது சந்தேகம் இருந்தா போட்டோ எடுத்து மெசேஜ் பண்ணுங்க, எங்க வாங்குன தேனா இருந்தாலும் சரி, பாத்து சொல்றோம்.' கீழ சின்னதா கடை பேர், லேப் ரிப்போர்ட்டும் கேட்டா அனுப்புவோம்னு ஒரு வரி. விலை இல்ல, ஆர்டர் இல்ல. அண்ணன் ரொம்ப நேரம் போனையே பாத்துட்டு, "வேற கடைக்காரன் தேனுக்கு நான் வைத்தியம் பாக்கணுமா"ன்னாரு. ஒரு தடவை போட்டு பாப்போம்ணேன்னு சொன்னேன்.

போட்டோம். சேவ் பண்ணதும் ஷேர் பண்ணதும் அவர் பேஜ்ல அதுக்கு முன்ன போட்ட எதையும் விட அதிகம், லைக் என்னமோ சுமார்தான். பாடம் மாதிரி போஸ்ட்டுக்கு அப்படித்தான் வரும், பிடிச்சுதுன்னு தட்டறதை விட அப்புறம் தேவைப்படும்னு எடுத்து வைக்கறதுதான் கூட இருக்கும். போட்டோவும் வந்துச்சு, பாதி வேற பிராண்டு குப்பி.

அதுல ஒன்னு நாகர்கோவில் பக்கத்துல இருந்து ஒரு டீச்சர் அனுப்புனது. மேல நுரை கட்டின குப்பி, எங்கயோ டூர் போனப்ப ரோட்டோரம் வாங்குனதாம். அண்ணன் போட்டோவ மட்டும் வச்சு முடிவு சொல்லல, அது எனக்கு பிடிச்சுது. மூடிய திறந்து மோந்து பாக்க சொன்னாரு, ஒரு ஸ்பூன் நாக்குல வச்சா புளிப்பு தெரியுதான்னு கேட்டாரு. டீச்சர் திறந்து பாத்துட்டு ஆமா புளிக்குது, சத்தமும் வந்துச்சுன்னாங்க. அப்ப ஈரம் கூடுன தேன், புளிச்சுட்டு, இனி இளக்குனாலும் சரியாகாதுன்னு சொன்னாரு. கொஞ்ச நேரம் கழிச்சு அவங்களே கேட்டாங்க, உங்க தேன் என்ன விலைன்னு. ஒரு கிலோ வாங்குனாங்க.

இத நான் சந்தோசமா எல்லார்கிட்டயும் சொல்லிட்டு இருந்தப்பதான் அண்ணன் அந்த கேள்விய கேட்டார். அவர் பேச்சு இப்படி போச்சு, அந்த அம்மா வாங்க வரல, கேக்க வந்தாங்க. அவங்க குப்பி கெட்டுப்போச்சுன்னு சொன்னதே நான்தான், அந்த நேரத்துல என்கிட்ட தேன் இருக்கறதும் அவங்களுக்கு தெரியும், நான் என்ன சொன்னாலும் நம்புவாங்க. நான் ஒழுங்கா சொன்னேன். ஆனா அதே ஸ்லைடு வச்சு இன்னொருத்தன் உறைஞ்ச குப்பிய எல்லாம் கெட்டுப்போச்சுன்னு சொன்னா? விலை எழுதிப் போட்டவன் அந்த பொய்ய சொல்ல இடமே இல்லையே.

பதில் என்கிட்ட ஒன்னு ரெண்டு இருக்கு. நாலாவது ஸ்லைடுல வித்தியாசம் தெளிவா எழுதியிருக்கோம்ல, அத படிச்சவன ஏமாத்த முடியாது, பாடமே காவல்னு சொல்லலாம். ஆனா தெளிவா புரிஞ்சவன் போட்டோ அனுப்ப மாட்டான், புரியாதவன்தான் அனுப்புவான், அப்ப அந்த காவல் யாருக்கு? அதோட நான் தேடிப் பிடிச்ச மிச்சமே அவங்க குழப்பம்தான். மெசேஜ்ல பேச ஆரம்பிச்சுட்டா நம்ம ஆளுங்களுக்கு வேண்டாம்னு சொல்ல கூச்சமா இருக்கும், இவ்வளவு நேரம் பேசுனாரேன்னு ஒரு குப்பியாவது வாங்குவாங்க, இது எனக்கு தெரியாம இல்ல, சாஃப்ட் செல்லு வேலை செய்யறதே அதனாலதான். இன்னொரு பக்கம், அண்ணனோட பழைய முறையில எறும்பு கதைய சொல்லித்தான் விலைய போட்டிருப்பாரு, அது மட்டும் நேர்வழியா? அவர்கிட்ட இத கேட்டா, "எறும்பு கதைய நீ எடுத்துட்டல்லா, அத வேண்டாம்னு நான் இப்ப சொல்லல, விலைய ஏன் எடுத்த"ன்னு கேக்காரு. அதுக்கு டிசைனர் பதில் இருக்கு, விலைய பாத்தா ஜனங்க இத விளம்பரம்னு முடிவு பண்ணி ஷேர் பண்ண மாட்டாங்க. அத சொல்லும்போதே எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு, ஏன்னா இது விளம்பரம்தானே.

அடுத்த செட்டு, மழைக்காலத்துல தேன எப்படி வைக்கணும்னு, மூடி இறுக்கம், ஈர ஸ்பூன் போடக்கூடாது, பிரிட்ஜ்ல வச்சா சீக்கிரம் உறையும், இந்த மாதிரி. இதுல கடைசி ஸ்லைடுல போட்டோ அனுப்புங்கவும் வச்சேன், அதுக்கு கீழயே அரைக் கிலோ, ஒரு கிலோ விலையும் படிக்கற சைஸ்ல போட்டேன். மலையாளத்துல பாறசாலை பக்கத்துக்கு ஒரு செட்டும் அதே மாதிரி. போட்டோ அனுப்பறவங்க நல்லா குறைஞ்சுட்டாங்க, ஷேரும் குறைவு, நேரா ஆர்டர்னு கேக்கறவங்க கொஞ்சம் கூடியிருக்காங்க, ஆனா பாடமே வேற, சீசனும் வேற, அதனால விலை போட்டதாலதான்னு சொல்லவும் முடியல. அண்ணனுக்கு இதுதான் திருப்தி. எனக்கு பழைய எட்டாவது ஸ்லைடுதான் நல்ல ஸ்லைடுன்னு இன்னும் தோணுது, நுரை கட்டின குப்பிய வச்சுக்கிட்டு என்ன செய்யன்னு தெரியாம இருக்கற யாரோ இப்ப விலைய பாத்துட்டு கேக்காமலே போயிருப்பாங்கன்னும் தோணுது. அண்ணன்கிட்ட சொன்னேன். "போனா போட்டும், அவங்களுக்கு மூக்கு இல்லையா"ன்னாரு.