மீன் பரிசோதகர் பதவி எனக்கு வந்த விதம்

திருவல்லிக்கேணியில், ஜாம் பஜாரிலிருந்து நடந்து வரும் தொலைவில் உள்ள ஒரு சந்தில் நான் குடியிருக்கிறேன். வாடகை கிடையாது, முன்பணமும் கிடையாது. இந்தப் பேட்டையில் அப்படிச் சொல்லிக்கொள்ளக்கூடிய குடித்தனக்காரர்கள் எங்கள் இனத்தாரைத் தவிர வேறு யாரும் இல்லை. முதல் வீட்டில் என்னை மணி என்றும், மாடி அறையில் தங்கியிருக்கும் கல்லூரிப் பையன்கள் தலைவரே என்றும், எதிர்வீட்டுப் பெரியவர் சனியன் என்றும் அழைக்கிறார்கள். எந்தப் பெயருக்கும் நான் திரும்பிப் பார்ப்பதில்லை என்பதால் யாருக்கும் மனக்குறை இல்லை.

சந்து விழிப்பது பால் பாக்கெட்டுகளோடுதான். பையில் கிடப்பது நீல பாக்கெட்டா பச்சை பாக்கெட்டா என்பதைக் கொண்டு அந்த வீட்டின் மாதக் கடைசியைக் கணித்துவிடலாம். முதல் வீட்டு அம்மாள் தினமும் ஒரு தேங்காய்த் தொட்டியில் எனக்குப் பால் ஊற்றிவிட்டு, புண்ணியம் சேர்ந்த திருப்தியுடன் கோலம் போடப் போய்விடுவார். வளர்ந்த பூனைகளில் பெரும்பாலானவற்றுக்குப் பால் செரிக்காது என்பதையும், அந்தப் புண்ணியத்தின் பின்விளைவைத்தான் எதிர்வீட்டுப் பெரியவர் தம் வாசல் மணலில் கண்டு எனக்கு அந்தப் பெயரைச் சூட்டினார் என்பதையும் இன்றுவரை யாரும் இணைத்துப் பார்க்கவில்லை.

இதெல்லாம் மீன்காரம்மா வரும் வரைதான். அடிபம்பு வரிசைச் சண்டை ஓய்ந்த பிறகு, காசிமேட்டில் ஏலம் எடுத்த சரக்கோடு அவர் வந்து, பம்புக்கு எதிரே உள்ள மதில் நிழலில் அரிவாள்மனையை விரித்து உட்காருவார். அந்த மதில் காலையில் எனக்குரியது; பிற்பகலில் பக்கத்துத் தெருக் கறுப்பனுக்குரியது. பூனைகள் ஒரே இடத்தைச் சண்டையின்றி நேரம் பிரித்து அனுபவிக்கும் வழக்கமுடையவை. அடிபம்புக்கும் அப்படி ஓர் ஏற்பாடு செய்துகொள்ளலாமே என்று எனக்குத் தோன்றும். ஆனால் சண்டை இல்லாவிட்டால் அந்தக் காலைப்பொழுதை இவர்கள் என்னதான் செய்வார்கள்?

மீன் வாங்குவதில் எதிர்வீட்டுப் பெரியவருக்கு நிகர் எவரும் இல்லை. அரசு அலுவலகத் தணிக்கைப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர் என்பதால், ஒரு சங்கராவைக் கையில் எடுத்தால் அதன் செவுளைத் தூக்கி நிறம் பார்த்து, கண் பிதுங்கித் தெளிவாக இருக்கிறதா என்று உற்று நோக்கி, வயிற்றில் விரலால் அழுத்திக் குழி உடனே நிமிர்கிறதா என்று சோதித்து, அதன் பிறகு அரைக் கிலோ நெத்திலி வாங்கிக்கொண்டு போவார். அன்று கரைக்கு வந்த மீனுக்கு இந்தச் சோதனைகள் மூன்றும் சரியானவையே. அதில் நான் குறை சொல்ல மாட்டேன்.

சிக்கல் மீன்பிடித் தடைக்காலத்தில் வந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. வள்ளங்களில் வரும் கொஞ்ச மீனுக்கு விலை ஏறிவிடுவதால், மே மாதத்தில் மீன்காரம்மாவின் அன்னக்கூடை போய், கேரளப் பக்கத்துக் கானாங்கெளுத்தி நிரம்பிய தெர்மாகோல் பெட்டி வந்தது. அந்தக் கரையில் தடை தொடங்குவது ஜூன் மாதத்தில்தான். ஐஸில் புதைந்து வந்த மீனின் கண் நல்ல மீனாக இருந்தாலும் மங்கிவிடும். உருகிய நீர் பட்டுப்பட்டுச் செவுளும் வெளுத்துவிடும். பெரியவரின் முதல் இரண்டு சோதனைகளிலும் பெட்டி முழுவதும் தோற்றது. மீன்காரம்மாவோ, மூன்று நாள் வழியில் வந்தாலும் ஐஸை விட்டு நகராத மீன் கெடாது என்று வாதிட்டார். அவர் சொன்னதே சரி.

வாதம் முற்றிய வேளையில், பெட்டியிலிருந்து எடுத்த மீனொன்றின் தலையை வெட்டி என் முன்னால் வீசினார். நான் முகர்ந்து பார்த்துவிட்டு, திரும்பி உட்கார்ந்து முன்னங்காலை நக்கத் தொடங்கினேன்.

சந்தில் ஓர் அமைதி நிலவியது. “பூனையே வேணாம்னுடுச்சு பாருங்க” என்று முதல் வீட்டு அம்மாள் சொல்ல, கையில் பாத்திரத்துடன் நின்ற நான்கு பேரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். என் உடற்சூட்டை ஒட்டிய வெதுவெதுப்பில் இருக்கும் உணவுதான் எனக்கு மணக்கும். ஐஸிலிருந்து அப்போதுதான் எடுத்த தலையில் மணமே எழாததால், அது எனக்கு உணவாகவே தெரியவில்லை என்பதுதான் விஷயம். கால் மணி நேரம் கழித்து, மே மாத வெயில் அதன் மேல் பட்டு மணம் கிளம்பியதும் எலும்பு மிச்சமில்லாமல் தின்றுவிட்டேன். அதைப் பார்க்கச் சந்தில் ஒருவரும் இல்லை. மீன்காரம்மா மட்டும் பார்த்தார்.

அவர் வியாபாரி, ஒரு முறை பார்த்ததே அவருக்குப் போதும். மறுநாள் சந்துமுனையிலேயே ஒரு மீனை வெட்டித் தட்டில் வெயிலில் வைத்துவிட்டு, வாடிக்கையாளர்கள் கூடும் நேரத்தில் அந்தத் துண்டை என் முன்னால் போட்டார். நான் பாய்ந்து தின்றேன். பெட்டி காலியாயிற்று. அன்று முதல் நான் தின்றால் மீன் நல்லது, திரும்பிக்கொண்டால் கெட்டது என்று சந்து முழுவதும் நம்பத் தொடங்கியது. “தலைவர் பாஸ் பண்ணிட்டாரா?” என்று மாடியிலிருந்து கேட்ட பிறகே கல்லூரிப் பையன்கள் கீழே இறங்கினார்கள்.

இதில் உள்ள வேடிக்கையை மதில்மேல் இருந்து ரசித்தவன் நான் ஒருவன்தான். கானாங்கெளுத்தி ஐஸை விட்டு வெளியே வந்து சூடேறிய நேரத்திலிருந்துதான் வேகமாகக் கெடத் தொடங்கும். அப்படிச் சூட்டில் நெடுநேரம் கிடந்த மீனைத் தின்றால் முகம் சிவந்து உடம்பெல்லாம் அரிக்கும், எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அந்த நஞ்சு போகாது. ஆக, நான் ஒதுக்கிய சில்லிட்ட தலைதான் பத்திரமானது. நான் ஆவலோடு தின்று சான்றளித்த துண்டு, அந்தச் சந்தில் அன்று விற்ற எல்லாவற்றையும்விட ஒரு படி மோசமானது. நல்லவேளையாக, சான்றிதழ் எனக்குப் போட்ட துண்டுக்கும், விற்பனை ஐஸுக்குள் இருந்த மீனுக்கும் என்று ஏற்பாடு பிரிந்திருந்ததால் யாருக்கும் அரிப்பு வரவில்லை. சம்பளம் நாளொன்றுக்கு ஒரு தலை, சில நாள்களில் குடலும் சேர்த்து.

பெரியவர் விடுவாரா? ஒரு வாரம் தம் வாசற்படியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கவனித்தார். பூனைக்குப் போகும் துண்டு பெட்டியிலிருந்து வருவதில்லை, தட்டிலிருந்து வருகிறது என்பதைக் கண்டுபிடித்து, கூடியிருந்தவர்கள் முன்னிலையில் அறிவித்தார். சாட்சி கையூட்டு பெற்றிருக்கிறது, ஆகவே அதன் சாட்சியம் செல்லாது என்பது அவருடைய தீர்ப்பு. உடனே தின்பதும் உடனே தின்னாததும் ஏன் என்று அவர் கேட்கவில்லை. தணிக்கையில் காரணம் கேட்கும் வழக்கம் இல்லை போலும்.

இரண்டாவது கருத்துக்காக, மறுநாள் ஒரு கருவாட்டுத் துண்டை நூலில் கட்டி இழுத்தபடி, பக்கத்துத் தெருவிலிருந்து கறுப்பனை அவரே அழைத்து வந்தார். காலை நேரத்தில் அவன் அந்த மதிலடிக்கு வருவது எங்கள் ஒப்பந்தத்துக்கு விரோதமானது. ஆனாலும் பதவிப் பொறுப்பைக் கருதி நான் பேசாமல் இருந்தேன். பெட்டியின் அடியிலிருந்து, ஐஸ் சொட்டச் சொட்ட, பெரியவரே தேர்ந்தெடுத்த தலையைக் கறுப்பன் முன்னால் வைத்தார்கள். கறுப்பன் வாழ்க்கையில் ருசி பார்த்துத் தின்றவன் அல்லன். தலையைத் தின்றான், தலை வைத்திருந்த செய்தித்தாளின் ஒரு மூலையைத் தின்றான், பெட்டியின் விளிம்பில் இரண்டு கடி தெர்மாகோலையும் கடித்துப் பார்த்தான்.

பெரியவர் சிறிது நேரம் அவனைப் பார்த்தபடி நின்றார். பிறகு அரைக் கிலோ கானாங்கெளுத்தி வாங்கிக்கொண்டு, செவுளைத் தூக்கிப் பார்க்காமலே வீட்டுக்குள் போனார்.