காளையும் பசுவும்: விடையாக இருக்கவே முடியாத எண்ணைக் கேட்டுப் பார்த்தேன்

விளையாட்டு தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. ஒருவர் நான்கு இலக்க எண் ஒன்றை மனதில் வைத்துக்கொள்வார். இலக்கங்கள் திரும்ப வரக் கூடாது. நாம் ஓர் எண்ணைச் சொன்னால், சரியான இலக்கம் சரியான இடத்தில் இருந்தால் அது காளை. இலக்கம் சரி, இடம் தவறு என்றால் அது பசு. 4 காளை வந்தால் ஆட்டம் முடிந்தது. பூஜ்யம் முதலில் வரலாமா என்பது ஆளுக்கு ஆள் மாறும் விதி. நான் வரலாம் என்றே வைத்துக்கொண்டேன். அப்படியானால் மொத்தம் 5040 எண்கள்.

இவ்வளவு காலமும் நான் ஆடியது, பலரும் ஆடுகிற முறையில்தான். இதுவரை வந்த பதில்கள் எல்லாவற்றுக்கும் பொருந்துகிற ஓர் எண்ணைத் தேடிப்பிடித்து, அதையே அடுத்துக் கேட்பது. பொருந்தாத எண்ணைக் கேட்டால் ஒரு வாய்ப்பு வீண் என்பது எழுதாத சட்டம். இந்தச் சட்டம் எவ்வளவு தூரம் தாங்கும் என்று எண்ணிப் பார்ப்பதுதான் இந்தப் பதிவு.

எண்ணிப் பார்க்க ஒரு சின்ன நிரல் எழுதிக்கொண்டேன்.

```python
from itertools import permutations
from collections import Counter

left = [''.join(p) for p in permutations('0123456789', 4)]

def score(s, g):
    b = sum(x == y for x, y in zip(s, g))
    return b, len(set(s) & set(g)) - b

def split(left, g):
    return Counter(score(s, g) for s in left)
```

`score` காளையையும் பசுவையும் எண்ணும். வேலையின் உயிர் `split`-இல் இருக்கிறது. மிச்சமிருக்கும் எண்கள் ஒவ்வொன்றும் ரகசிய எண்ணாக இருந்தால், நான் கேட்கப்போகும் எண்ணுக்கு என்ன பதில் வரும்? ஒரே பதில் தரும் எண்களை ஒரே குவியலில் போட்டு, எந்தக் குவியலில் எத்தனை என்று அது சொல்லும். எதிராளி வாயைத் திறந்ததும் ஒரு குவியல் மட்டும் நம் கையில் மிஞ்சும். அதனால் நல்ல கேள்வி என்பது, மிகப் பெரிய குவியலையும் சிறிதாக வைத்திருக்கும் கேள்வி. இதே பாணியில் வண்ணங்களை ஊகிக்கும் மாஸ்டர்மைண்ட் விளையாட்டுக்குக் கணினி அறிவியலாளர் டொனால்ட் நூத் 1977-இல் வெளியிட்ட தீர்வும் இதே அளவுகோலைத்தான் பயன்படுத்தியது.

முதல் கேள்வியில் யோசிக்க ஒன்றுமில்லை. எந்த நான்கு வெவ்வேறு இலக்கங்களைக் கேட்டாலும் குவியல்கள் ஒன்றுதான். 1234 கேட்டால் 14 விதமான பதில்கள் வரலாம். அதிகம் வருவது 0 காளை 1 பசு. அந்தக் குவியலில் 1440 எண்கள். அடுத்தது 0 காளை 2 பசு, 1260 எண்கள். இந்த இரண்டும் சேர்ந்தாலே பாதி ஆட்டங்களுக்கு மேல் ஆகிவிடுகிறது.

இரண்டாவது கேள்வியில்தான் சுவாரசியம் தொடங்குகிறது. 1234-க்கு 1 பசு மட்டும் வந்திருக்கிறது என்று வையுங்கள். நம்மில் பலருக்கு உடனே வாயில் வருவது 5678. பழையதில் ஒன்றுதான் தேறியது, எனவே புது இலக்கங்களைத் துழாவுவோம் என்கிற எண்ணம். 1440 எண்களையும் 5678-க்கு எதிராகப் பிரித்தால் பெரிய குவியல் 504 (2 பசு). ஒரு பழைய இலக்கத்தை மட்டும் இடம் மாற்றி வைத்து மூன்று புது இலக்கங்களைச் சேர்த்தால், அதாவது 5167 என்று கேட்டால், பெரிய குவியல் 378 ஆகக் குறைகிறது. சராசரியாக மிஞ்சுவதும் சுமார் 295-இலிருந்து 255-க்கு இறங்குகிறது.

காரணம் எளிது. ரகசிய எண்ணில் மூன்று இலக்கங்கள் 5, 6, 7, 8, 9, 0 என்ற ஆறிலிருந்து வந்தாக வேண்டும். 5678 கேட்டால் அந்த ஆறில் நான்கைத் தொட்டுவிடுகிறோம். எனவே ஒன்றாவது தேறியே தீரும். 0 காளை 0 பசு என்ற பதிலுக்கு இடமே இல்லை. நான்கும் தேறுவதற்கும் வழியில்லை. வரக்கூடிய பதில்கள் 9 வகைக்குள் அடங்கிவிடுகின்றன. 5167-க்கோ 14 வகையும் வரலாம். 5167 பட்டியலில் இருக்கிற எண்ணும்கூட. இதுவரை பழைய சட்டம் பிழைத்துக்கொண்டது. அதை மீறிய 5678-தான் அடிபட்டது.

சட்டம் உடைவது ஆட்டத்தின் பின்பகுதியில். அதைப் பளிச்சென்று காட்டும் நிலை, 1234-க்கே 3 காளை 0 பசு வந்துவிடுவது. அரிதான அதிர்ஷ்டம்; 5040-இல் 24 எண்களுக்குத்தான் இந்தப் பதில். கேட்டதும் மனம் துள்ளும், ஆட்டம் முடிந்தது போலவே தோன்றும். உண்மையில் இது ஒரு பொறி.

மிச்சம் 24 எண்கள். நான்கு இடங்களில் ஏதோ ஓர் இடம் தவறு. அந்த இடத்தில் 0, 5, 6, 7, 8, 9 என்ற ஆறில் ஒன்று இருக்கிறது. பொருந்துகிற எண்ணாகப் பார்த்து 1235 கேட்போம். 4 காளை வரக்கூடியது ஓர் எண்ணுக்கு. 3 காளை வந்தால் கடைசி இடம்தான் தவறு, 5 எண்கள் மிச்சம். 2 காளை 1 பசு என்றால் 3 எண்கள். 2 காளை மட்டும் என்றால் 15 எண்கள். 24-இல் 15 ஒரே குவியலில் கிடக்கிறது என்றால் அந்தக் கேள்வி சொன்னது சொற்பம்.

அந்த 15-லும் இதே பாணியைத் தொடர்ந்து பார்த்தேன். அடுத்து 1264 கேட்டு மறுபடி 2 காளை வந்தால் 8 எண்கள். அதில் 1734 கேட்டு மறுபடி 2 காளை வந்தால் 0234, 8234, 9234 என்று மூன்று. இந்த மூன்றில் எதைக் கேட்டாலும் மற்ற இரண்டும் ஒரே பதிலைத் தரும், எனவே ஒவ்வொன்றாகத் தட்ட வேண்டியதுதான். முதல் கேள்வியிலேயே மூன்று காளை பிடித்த ஆட்டம் ஏழாவது கேள்விவரை இழுக்கிறது. 5040 எண்களில் எதுவானாலும் சரியாக ஆடினால் ஏழு கேள்விகளுக்குள் முடிக்கலாம் என்பது கணினி வைத்து நிறுவப்பட்ட விஷயம். அதிர்ஷ்டக்கார ஆட்டம் அந்த எல்லை வரை போவது எனக்குக் கொஞ்சம் அவமானமாகவே பட்டது.

இப்போது சட்டத்தை மீறி 1562 கேட்போம். இது ரகசிய எண்ணாக இருக்கவே முடியாது. 1234-உடன் மூன்று இலக்கங்கள் ஒத்துப்போக வேண்டும், இதில் 1, 2 என்ற இரண்டுதான் இருக்கின்றன. ஆனால் இதன் ஒவ்வோர் இலக்கமும் ஒரு வேலையைச் செய்கிறது. 1 தன் இடத்திலேயே இருக்கிறது. முதல் இடம் தவறாக இல்லாவிட்டால் அது ஒரு காளை தரும். 2-ஐ வேண்டுமென்றே இடம் மாற்றி வைத்திருக்கிறேன். இரண்டாம் இடம் தவறாக இல்லாவிட்டால் அது ஒரு பசு தரும். முதல் இடம் தவறென்றால் பசு மட்டும், இரண்டாம் இடம் தவறென்றால் காளை மட்டும், மூன்றோ நான்கோ தவறென்றால் இரண்டும். இதற்கு மேல் 5, 6 இரண்டும் புது இலக்கம் எது என்பதைத் துழாவுகின்றன.

24 எண்களும் ஏழு குவியல்களாகப் பிரிகின்றன. பெரியது 1 காளை 1 பசு, 9 எண்கள். மற்றவை 4, 4, 3, 2, 1, 1. சராசரியாக மிஞ்சுவது 1235-க்கு சுமார் 10.8, இதற்கு 5.3.

மோசமான குவியலையே எடுத்துத் தொடர்வோம். அந்த 9 எண்கள்: 1634, 1204, 1274, 1284, 1294, 1230, 1237, 1238, 1239. இங்கேயும் பட்டியலுக்கு வெளியே போய் 3207 கேட்டேன். 2 தன் இடத்தில் இருப்பதால் 1634 தவிர எல்லாவற்றுக்கும் காளை தரும். முதல் இடத்தில் வைத்த 3, 123 என்று தொடங்கும் எண்களையும் 1634-ஐயும் பசுவால் காட்டிக்கொடுக்கும். 0-வும் 7-ம் மீதியைப் பார்த்துக்கொள்ளும். பதில்கள் இப்படி விழுகின்றன:

1634-க்கு 1 பசு. 1204-க்கு 2 காளை. 1230-க்கு 1 காளை 2 பசு. 1237-க்கு 2 காளை 1 பசு. இந்த நான்கும் தனித்தனி, உடனே பிடிபட்டுவிடும். 1284, 1294 இரண்டுக்கும் 1 காளை. 1274, 1238, 1239 மூன்றுக்கும் 1 காளை 1 பசு.

கடைசி மூன்றில் மாட்டினாலும் கவலையில்லை. 1238 கேட்டால் அதுவே விடையாக இருக்கலாம். 3 காளை வந்தால் 1239. 2 காளை வந்தால் 1274. ஐந்தாவது கேள்வியில் ஆட்டம் முடியும். 1562-இன் மற்றக் குவியல்களையும் கையால் சரிபார்த்தேன், எதுவும் ஐந்தைத் தாண்டவில்லை. 0234, 7234, 8234, 9234 என்ற நான்கும், 1034, 1734, 1834, 1934 என்ற நான்கும் மட்டும் சற்றுத் தந்திரம் கேட்கும். அங்கே 7856 போல ஒன்றைக் கேட்க வேண்டும். முதல் நான்கில் 7 இருந்தால் காளை, 8 இருந்தால் பசு. அடுத்த நான்கில் 7 இருந்தால் பசு, 8 இருந்தால் காளை. இரண்டும் இல்லை என்றால் 0 அல்லது 9.

பட்டியலுக்கு வெளியே போவதற்கும் வரம்பு உண்டு. மிச்சம் இரண்டே எண்கள் என்றால் அதில் ஒன்றைத்தான் கேட்க வேண்டும். வெளியே போனால் வெறும் நஷ்டம். மூன்று இருக்கும்போது, அதில் ஒன்று மற்ற இரண்டையும் பிரித்துவிடுமா என்று முதலில் பார்க்க வேண்டும், மேலே 1238 செய்ததைப் போல. பெரிய குவியலின் அளவு சமமாக இருந்தால் பட்டியலில் உள்ள எண்ணுக்கே முன்னுரிமை தருகிறேன். அது விடையாகவே அமையும் வாய்ப்பு இலவசமாகக் கிடைக்கிறது.

இன்னொன்று, பெரிய குவியலைச் சுருக்குவது மோசமான ஆட்டத்தைக் காப்பாற்றும் அளவுகோல். சராசரிக் கேள்விகளைக் குறைப்பதற்கு அதுவே சிறந்தது என்று சொல்ல முடியாது. எல்லாக் கிளைகளையும் கடைசிவரை அலசிக் கண்ட மிகக் குறைந்த சராசரி சுமார் 5.21 கேள்விகள். ஒரு படி மட்டும் முன்னே பார்க்கும் என் நிரல் அந்த அளவை எட்டும் என்று எதிர்பார்க்கவில்லை.

வேகம் பற்றியும் சொல்ல வேண்டும். 1440 எண்கள் மிச்சமிருக்கும்போது 5040 கேள்விகளையும் சோதித்தால் `score` 72 லட்சம் தடவைக்கு மேல் ஓடும். காத்திருக்கப் பிடிக்காதவர்கள் இன்னும் தொடாத இலக்கங்களை ஒன்றுக்கொன்று மாற்றாகக் கருதலாம். 1234-க்குப் பிறகு 5167, 8190 இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன, ஒன்றைச் சோதித்தால் போதும்.

மனிதர்களோடு ஆடும்போது வரும் சிக்கல் தனி. எதிராளி ஒரு காளையை எண்ணத் தவறினால் பட்டியல் தவறான பாதையில் சுருங்கும். பல சமயம் ஒரு கட்டத்தில் `left` காலியாகிவிடும், அப்போது ஏதோ ஒரு பதில் தவறு என்பது உறுதி. எந்தப் பதில் என்பது அதிலிருந்து தெரியாது. ஒவ்வொரு பதிலாக விலக்கிவிட்டு மற்றவற்றை மட்டும் வைத்துப் பட்டியலை மறுபடி கட்டிப் பார்க்கிறேன். எதை விலக்கினால் எண்கள் மிஞ்சுகின்றனவோ அந்தப் பதிலின் மேல்தான் முதல் சந்தேகம். அடுத்து எடுக்கப்போவது 0 காளை 2 பசு என்ற 1260 எண்களின் குவியல். அங்கே பழைய இலக்கங்களில் ஒன்றை வைப்பதா இரண்டை வைப்பதா என்று இன்னும் எண்ணவில்லை.