வலிக்காத கழுத்துக் கட்டி: ஊசியிலிருந்து தடுப்பூசி வரை

எனக்கு வயது 51. சிகரெட், வெற்றிலை, பான்பராக் எதையும் தொட்டதில்லை. வலது தாடைக்குக் கீழே பெரிய நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி. வலியில்லை, காய்ச்சலில்லை, எடையும் குறையவில்லை. முதலில் பார்த்த டாக்டர் “நெறி கட்டியிருக்கு” என்று ஆன்டிபயாட்டிக் எழுதினார். மாத்திரை தீர்ந்தும் கட்டி அப்படியே இருந்தது. அடுத்து காசநோயோ என்று சந்தேகம். நம் ஊரில் அது நியாயமான சந்தேகம்தான்.

ஊசி குத்தி எடுத்துப் பார்த்தார்கள். வந்தது பழுப்பு நிற நீர் மட்டுமே. காசநோய்க் கிருமி இல்லை, புற்றுச் செல் தென்படவில்லை, நீர்க்கட்டி என்று ரிப்போர்ட். ஒரு சர்ஜன், இது பிறவிக் கட்டிதான், அறுத்து எடுத்துவிடலாம் என்று தேதியே கொடுத்துவிட்டார். என் மச்சான் விடவில்லை. கழுத்து, தொண்டைப் புற்றுநோய்களை மட்டும் பார்க்கும் டாக்டரிடம் இழுத்துப் போனார்.

அவர் கட்டியைத் தொட்டுப் பார்த்ததோடு நிற்கவில்லை. வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்தார். அப்புறம் கையுறை போட்ட விரலை உள்ளே விட்டு இரண்டு டான்சிலையும் அழுத்திப் பார்த்தார். எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. “வலது டான்சில் பெருசா இருக்கு, கல்லு மாதிரியும் இருக்கு. நாப்பது வயசுக்கு மேல கழுத்துல புதுசா வர்ற நீர்க்கட்டிய, கேன்சர் இல்லைன்னு தெரியுற வரைக்கும் நான் நம்ப மாட்டேன் சார்” என்றார்.

காரணத்தையும் சொன்னார். எச்.பி.வி. வைரஸால் டான்சிலில் வரும் புற்று சின்னதாக இருக்கும்போதே கழுத்து நெறிக்குப் பரவிவிடும். அந்த நெறியின் நடுப்பகுதி நீராகிவிடுவதால், ஊசியை நடுவில் குத்தினால் நீர்தான் வரும், செல் சிக்காது. ஸ்கேனில் பார்த்தபடியே கட்டியின் கெட்டியான ஓரத்தில் மறுபடி குத்தினார்கள். இந்த முறை புற்றுச் செல் கிடைத்தது. முதலிலேயே கட்டியை அறுத்து எடுத்திருந்தால் மூலப் புற்று டான்சிலிலேயே இருந்திருக்கும். அறுத்த தழும்பால் அடுத்த சிகிச்சையும் சிக்கலாகியிருக்கும்.

டான்சில் பயாப்ஸிக்கு முன்பே பெட் ஸ்கேன் எடுத்தார்கள். புற்றைப் போலவே அறுத்த புண்ணும் அந்த ஸ்கேனில் ஒளிரும் என்பதால் அந்த வரிசை. பயாப்ஸி சதையில், இந்த வைரஸ் இருக்கலாம் என்று கோடிகாட்டும் பி16 என்ற சோதனை பாசிட்டிவ். புகையிலைப் புற்று அதிகமுள்ள நம் நாட்டில் அதை மட்டும் வைத்து வைரஸ் என்று முடிவு செய்ய முடியாது என்று, எச்.பி.வி. டி.என்.ஏ.வையும் தேடினார்கள். 16-ஆம் வகை இருந்தது. எனக்கு மூன்றரை சென்டிமீட்டரில் ஒரே நெறி. பி16 நெகட்டிவ் என்றால் அது நான்காம் நிலை. பாசிட்டிவ் என்பதால் முதல் நிலை. அந்த ஒரு சோதனைக்காகவாவது ரிப்போர்ட்டைப் படித்துப் பார்க்க வேண்டும்.

நல்ல வகை என்றால் மருந்தைக் குறைக்கலாமே என்று கேட்டேன். வழக்கமான கீமோ மருந்தான சிஸ்பிளாட்டினுக்குப் பதிலாக வேறு மருந்து கொடுத்துப் பார்த்த இரண்டு ஆய்வுகள் 2018-இல் வெளிவந்தன, இரண்டிலும் நோயாளிகள் பிழைப்பது குறைந்துதான் போனது என்றார். சரி, முழு சிகிச்சைதான். முதலில் பல் டாக்டர் கெட்ட பற்களைப் பிடுங்கினார். கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைத்த தாடையில் பிறகு பிடுங்கினால் எலும்பு ஆறாமல் போகலாம். அப்புறம் வாரம் ஐந்து நாளாக 35 முறை கரண்ட், வாரம் ஒருமுறை சிஸ்பிளாட்டின். பாதியிலேயே வாய் புண்ணாகி, கஞ்சிகூட இறங்காமல் மூக்கு வழியே டியூப் போட்டார்கள். முடிந்து மூன்று மாதம் கழித்து எடுத்த பெட் ஸ்கேனில் ஒன்றும் இல்லை. எச்சில் இன்னும் சரியாக ஊறவில்லை. இட்லியையும் தண்ணீர் குடித்துக் குடித்துத்தான் விழுங்குகிறேன்.

இது உடலுறவில் பரவும் வைரஸ் என்று தெரிந்ததும் வீட்டில் ஒரு மௌனம் வந்தது. டாக்டர் இருவரையும் உட்கார வைத்துப் பேசினார். தொற்று பல வருடங்களுக்கு முன் வந்திருக்கலாம், யாரிடமிருந்து என்று எந்தச் சோதனையும் சொல்லாது, பெரும்பாலோருக்கு அது தானாகவே போய்விடும். மனைவிக்குத் தனிச் சோதனை வேண்டாம். எல்லாப் பெண்களும் செய்ய வேண்டிய கர்ப்பப்பை வாய்ச் சோதனை போதும்.

தடுப்பூசி எனக்கு உதவாது. இருக்கும் புற்றை அது குணப்படுத்தாது. பிள்ளைகளுக்குப் போடலாம் என்றார். பெண்ணுக்கு 11, பையனுக்கு 14. “பையனுக்கா? இது கர்ப்பப்பை ஊசியாச்சே” என்றார் ஊசி போடும் இடத்தில் இருந்தவர். 2023-இல் வந்த நம் நாட்டுத் தயாரிப்பான செர்வாவேக் ஆண், பெண் இருவருக்கும் போடக்கூடியது. 16-ஆம் வகையும் அதில் அடக்கம். கர்ப்பப்பை வாய்க்கு இருப்பதுபோல டான்சிலில் முன்கூட்டியே கண்டுபிடிக்கும் சோதனை கிடையாது என்பதால் பையனுக்குத்தான் முதலில் போட்டோம். 15 வயதுக்குள் தொடங்கினால் ஆறு மாத இடைவெளியில் இரண்டு ஊசி, தாண்டினால் மூன்று. அவனுக்குப் பிறந்தநாள் நெருங்கிக்கொண்டிருந்தது.