சிவப்புப் பகடை

கோலாலம்பூரில் ஒரு காப்புறுதி நிறுவனத்தில், வாகன இழப்பீடுகளுக்கு அடுத்த ஆண்டு எவ்வளவு பணம் ஒதுக்க வேண்டும் என்று கணக்கிடும் பிரிவில் எனக்கு வேலை. புதிதாகச் சேரும் பிள்ளைகளிடம் முதல் வாரத்திலேயே பத்துப் பகடைகளைக் கொடுத்து உருட்டச் சொல்வேன். தனித்தனியான பல எண்களைக் கூட்டினால் கூட்டுத்தொகை மணி வடிவத்தில் அமையும் என்கிற மைய எல்லைத் தேற்றத்தைச் சூத்திரமாகப் படித்துவிட்டுத்தான் எல்லாரும் வருகிறார்கள். கையால் உருட்டிப் பார்த்தவர்கள் குறைவு.

ஒரு பகடையில் 1 முதல் 6 வரை எல்லாம் சம வாய்ப்பு. படம் வரைந்தால் தட்டையாக இருக்கும். இரண்டு பகடைகளைக் கூட்டினால் 36 விதங்களில் 7 மட்டும் ஆறு விதங்களில் வரும், 2-உம் 12-உம் ஒவ்வொரு விதத்தில்தான். தட்டை கூரையாகிவிட்டது. மூன்றாவதைச் சேர்த்தால் கூரையின் முனை மழுங்கும். பத்தை எட்டும்போது சராசரி 35, அதைச் சுற்றி எண்கள் சிதறும் அளவான திட்ட விலக்கம் ஏறக்குறைய 5.4, படம் மணி வடிவம். காரணம் எளியது. கூட்டுத்தொகை நடுவில் விழ எத்தனையோ வழிகள் உண்டு; 60 வர ஒரே வழி, பத்தும் ஆறாக விழ வேண்டும். 60 மில்லியன் உருட்டல்களில் ஒருமுறை நடக்கும் காரியம் அது. ஒரு பகடை ஏறினால் இன்னொன்று இறங்கி ஈடுகட்டுகிறது. மணி வடிவத்தின் முழு ரகசியமும் அந்த ஈடுகட்டலில்தான் இருக்கிறது.

சாலை விபத்துகள் பெரும்பாலும் இப்படித்தான் நடந்துகொள்கின்றன. செராஸில் ஒருவர் முன்னால் போன காரை இடித்ததற்கும் கெப்போங்கில் ஒருவர் தூணில் உரசியதற்கும் தொடர்பில்லை. ஆயிரக்கணக்கான சிறு பகடைகள், தனித்தனியாக உருளுகின்றன. பெருநாளுக்கு ஊர் திரும்பும் வாரங்களைத் தனியாக எடுத்து வைத்துவிட்டால், மாதக் கூட்டுத்தொகை மணிக்குள் ஒழுங்காக உட்காரும். பல ஆண்டுகள் அப்படி உட்கார்ந்ததைப் பார்த்துப் பழகியதால்தான் வெள்ளக் கணக்கில் நான் தவறினேன்.

மலேசியாவில் விரிவான வாகனக் காப்புறுதி வாங்கினாலும் வெள்ளச் சேதம் பொதுவாக அதில் தானாக அடங்காது. தனிக் கட்டணம் செலுத்திச் சேர்க்க வேண்டும். அப்படிச் சேர்த்தவர்களுக்கான ஒதுக்கீட்டுத் தாளை ஒருமுறை நான் தயாரித்தேன். உண்மையான எண்கள் வேண்டாம், உருண்டை எண்களில் சொல்கிறேன். 10,000 கார்கள். ஒவ்வொன்றும் ஓராண்டில் வெள்ளத்தில் சிக்க நூற்றில் ஒரு வாய்ப்பு. அப்படியானால் 100 கோரிக்கைகள் வரும். தனித்தனிப் பகடைகள் என்றால் திட்ட விலக்கம் ஏறக்குறைய 10. மூன்று விலக்கங்கள் தாராளமாக வைத்தேன்: 130 கோரிக்கைகளுக்கு மேல் போகாது என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

2021 டிசம்பர் 18, சனிக்கிழமை. கிள்ளான் பள்ளத்தாக்கில் இரண்டு நாள் விடாத மழை. ஷா ஆலாமில் கிள்ளான் ஆற்றை ஒட்டிய தாமான் ஸ்ரீ மூடா நீரில் மூழ்கியது. வீட்டு வாசலில் வரிசையாக நின்ற கார்கள் வரிசையாகவே முழுகின. நம் உருண்டை எண்களில் சொன்னால், ஒரே குடியிருப்பில் நமக்கு 500 கார்கள் இருந்து, அவற்றில் 400 ஓர் இரவில் போவதற்குச் சமம். என் தாளின்படி 400 என்பது சராசரியிலிருந்து முப்பது விலக்கங்கள் தள்ளி இருக்கிறது. உலகம் தோன்றியது முதல் காத்திருந்தாலும் நடக்காத ஒன்று.

எங்கள் பிரிவில் மூத்தவர் ஒருவர் இருந்தார், நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "கார எண்ணிட்டியேம்மா, ஆத்த எண்ணலயே" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அன்று இரவு வீட்டில் பத்து வெள்ளைப் பகடைகளோடு ஒரு சிவப்புப் பகடையையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

விதி இதுதான். சிவப்பில் 6 விழாத வரை வெள்ளைகளை இயல்பாகக் கூட்டு. சிவப்பில் 6 விழுந்தால் எல்லா வெள்ளைகளையும் ஆறாக எடுத்துக்கொள். இப்போது 35-ஐச் சுற்றி அழகான மணி ஒன்று இருக்கிறது, தொலைவில் 60-இல் தனியாக ஒரு கம்பம் நிற்கிறது. 60 மில்லியனில் ஒன்றாக இருந்த வாய்ப்பு ஆறில் ஒன்றாகிவிட்டது. வெள்ளைகளை நூறாக்கினால் சரியாகிவிடுமா? ஆகாது. மணி 350-ஐச் சுற்றி விகிதத்தில் இன்னும் ஒடுங்கும். கம்பம் 600-இல் அதே உயரத்தில் நிற்கும். எத்தனை பகடை சேர்த்தாலும் சிவப்புப் பகடையின் முகம் அழியாது. ஈடுகட்ட அங்கே யாரும் இல்லை, எல்லாரும் ஒன்றாக ஏறுகிறார்கள்.

இதைவிட என்னைக் கலங்க வைத்தது வேறொன்று. சிவப்புக்கு நூறு முகங்கள், அதில் ஒன்றே ஒன்று வெள்ளம், ஆண்டுக்கு ஒருமுறை உருட்டுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்தாண்டுத் தரவில் அந்த முகம் ஒருமுறைகூட விழாமல் இருக்க 90 விழுக்காடு வாய்ப்பு உண்டு. அந்தத் தரவை எந்தச் சோதனையில் போட்டாலும் மணி வடிவம் கச்சிதம் என்றே பதில் வரும். எனக்கும் அப்படித்தான் வந்தது.

எல்லாம் ஒன்றாக ஒட்டாமல் லேசாக ஒட்டினாலும் போதும். ஒட்டவே இல்லையென்றால் 0, முழுதாக ஒட்டினால் 1 என்று வைத்து, ஒவ்வொரு இரண்டு பகடைகளுக்கும் இடையே 0.05 அளவு தொடர்பு இருப்பதாகக் கொள்வோம். படத்தில் பார்த்தால் கண்ணுக்கே தெரியாது. அப்படி ஒட்டிய n பகடைகள், தனித்தனியாக உருளும் எத்தனை பகடைகளுக்குச் சமம் என்பது இப்படி வரும்:

```
n / (1 + (n - 1) * 0.05)
```

n-க்கு 10,000 போட்டால் விடை 20. ஒரு மில்லியன் போட்டாலும் 20-தான். பத்தாயிரம் வாடிக்கையாளர்கள் என்று நான் பெருமையாக எழுதியது உள்ளுக்குள் இருபது பகடைதான்.

சம்பவம் நடக்கும் முன் இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு, இப்போது நாங்கள் தவறாமல் செய்வது. நாள்வாரிக் கோரிக்கைகளின் விலக்கத்தையும் 30 நாள் கூட்டுத்தொகையின் விலக்கத்தையும் எடுங்கள். நாட்கள் தனித்தனி என்றால் இரண்டாவது முதலாவதைப் போல் ஏறக்குறைய 5.5 மடங்கு, 30-இன் வர்க்கமூலம். எட்டு, பத்து மடங்கு வந்தால் நாட்கள் ஒட்டியிருக்கின்றன. பிறகு தேதிகளைச் சீட்டுக்கட்டு போலக் கலைத்துவிட்டு மறுபடி கூட்டுங்கள். கலைத்ததும் விலக்கம் சுருங்கினால் சந்தேகமே வேண்டாம். இடத்துக்கும் இதே சோதனைதான், நாளுக்குப் பதில் அஞ்சல் குறியீடு. ஆனால் இது ஏற்கெனவே தரவில் இருக்கும் ஒட்டுதலைத்தான் காட்டும். விழாத முகத்தை ஆறுகள் ஓடும் நில வரைபடத்தில்தான் தேட வேண்டும்.

தேற்றம் தடுக்கி விழும் இன்னொரு இடத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பகடையில் ஆறாம் முகத்தில் 6,000 என்று எழுதியிருந்தால், மற்ற எல்லாப் பகடைகளும் சேர்ந்தாலும் அதை ஈடுகட்டாது. முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டவரின் வழக்கு ஒன்று அப்படிப்பட்ட முகம். அவற்றை மொத்தத்தில் கலக்காமல் தனித் தாளில் வைக்கிறோம்.

அண்ணன் ஓய்வு பெற்றுவிட்டார். இப்போது எங்கள் தாளில் ஒவ்வொரு காருக்கும் எந்த ஆற்றின் வடிநிலம் என்று ஒரு பத்தி இருக்கிறது. வரிசைகளை ஆறுகளாகத்தான் எண்ணுகிறோம். முதல் வரைவில் கிள்ளானையும் லங்காட்டையும் இரண்டு வரிசைகளாக எழுதியிருந்தேன். புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவன் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டு, "அக்கா, அதே மழையிலதானே உலு லங்காட்டும் மூழ்குச்சு?" என்று கேட்டான். இரண்டையும் ஒரே வரிசையாக்கி, ஒதுக்கீட்டைக் கூட்டி, மறுபடி கையெழுத்திட்டேன்.