சாயநீரும் உப்பும்: ஆய்வகப் பயிற்சிக்கு நான் எழுதிய நோக்க அறிக்கை

முதுநிலை உயிர்த்தொழில்நுட்பம் முதலாண்டு படித்துக்கொண்டிருந்தபோது, நொதிகளைப் பற்றி ஆராயும் ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்தில் கோடை விடுமுறையின் இரண்டு மாதங்கள் பயிற்சி பெற விண்ணப்பித்தேன். மதிப்பெண் பட்டியல், கல்லூரியின் போனஃபைடு சான்றிதழ், ஒரு பக்கத் தன்விவரம் ஆகியவற்றுடன் ஐந்நூறு சொற்களுக்கு மிகாத நோக்க அறிக்கை ஒன்றையும் கேட்டிருந்தார்கள். மற்றவற்றை ஒரே மாலையில் திரட்டிவிடலாம். அறிக்கைதான் வாரக்கணக்கில் நேரத்தை எடுத்துக்கொண்டது. அதை எப்படி எழுதினேன், எதை வைத்தேன், எதை விட்டேன் என்பதை, இதே வழியில் விண்ணப்பிக்க இருப்பவர்களுக்காக எழுதுகிறேன். அறிக்கை ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. இங்கே அதன் பொருளைத் தமிழில் தருகிறேன்.

எங்கள் வீடு திருப்பூரில், அப்பா சாயப்பட்டறையில் வேலை செய்கிறார். எனவே முதல் பத்தியில் நொய்யல் வருவது இயல்புதான். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து காவிரியில் சேரும் ஆறு சாயக்கழிவால் கெட்டதையும், ஒரத்துப்பாளையம் அணை கழிவுநீர்த் தேக்கமாக மாறியதையும், 2011 ஜனவரியில் உயர்நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டதையும் எழுதி வைத்திருந்தேன். அத்தனையும் உண்மை. ஆனால் வேறொரு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ந்துகொண்டிருக்கும், கோபிச்செட்டிபாளையத்தைச் சேர்ந்த அக்கா ஒருவர் அதைப் படித்துவிட்டு, "ஏங் கண்ணு, நொய்யல் கதை அந்தப் பேராசிரியருக்குத் தெரியாதா? நீ என்ன பண்ணுனியோ அதைச் சொல்லு" என்றார். திருப்பூர், கரூர், ஈரோடு பக்கத்திலிருந்து சாயநீரைப் பற்றி விண்ணப்பிக்கும் எவரும் அந்தப் பத்தியை எழுதிவிட முடியும். அது விண்ணப்பதாரரைப் பற்றி எதையும் சொல்வதில்லை; நூற்றைம்பது சொற்களை மட்டும் விழுங்கிவிடுகிறது. வாக்கியம் வாக்கியமாக எடுத்துக்கொண்டு, 'இதை என்னைத் தவிர வேறொருவர் எழுத முடியுமா?' என்று ஓரத்தில் குறிக்கச் சொன்னார் அக்கா. 'சிறு வயதிலிருந்தே அறிவியலில் ஆர்வம்', 'தங்கள் மதிப்புமிக்க ஆய்வகத்தில்' என்று தொடங்கியவை எல்லாம் அந்தக் கேள்வியிலேயே உதிர்ந்தன. மிஞ்சியது என் கல்லூரித் திட்டப்பணியைப் பற்றிய நான்கு வரிகள். அந்த நான்கு வரிகளை வளர்த்ததுதான் இறுதி அறிக்கை.

திட்டப்பணி எளிமையானது. சிப்பிக் காளான் விளைச்சல் முடிந்ததும் பண்ணைகளில் வைக்கோல் படுக்கையை எருவுக்குக் கொட்டிவிடுவார்கள். அந்தப் படுக்கையில் லாக்கேஸ் என்னும் நொதி இன்னும் இருக்கும். ஊறவைத்து வடிகட்டினால் பழுப்பான ஒரு சாறு கிடைக்கும். அந்தச் சாறு ரியாக்டிவ் புளூ 19 என்ற நீலச் சாயத்தின் நிறத்தைப் போக்குகிறதா என்று பார்த்தேன். சாயக்கரைசல் லிட்டருக்கு 100 மில்லிகிராம், பி.எச். 5, நிறத்தின் அளவைக் காட்டும் ஒளி உட்கவர்வை அளந்த அலைநீளம் 592 நானோமீட்டர். இதுவரை பலரும் செய்திருப்பதுதான். என் பங்கு, கரைசலில் உப்பைச் சேர்த்துப் பார்த்தது. பருத்தித் துணிக்கு ரியாக்டிவ் சாயம் ஏற்றும்போது, சாயம் நூலில் பிடிப்பதற்காகச் சாதா உப்பையோ சோடியம் சல்பேட்டான கிளாபர் உப்பையோ லிட்டருக்குப் பல பத்து கிராம் போடுகிறார்கள் என்பது அப்பாவின் வேலையால் எங்கள் வீட்டில் தெரிந்த செய்தி. தூய சாயத்தைத் தண்ணீரில் கரைத்துச் செய்யும் சோதனை, பட்டறையிலிருந்து வெளிவரும் சாயநீரைப் போன்றதல்ல.

இதை முதலில், 'சாய நீக்கத்தில் உப்பின் தாக்கத்தை ஆராய்ந்தேன். சிறந்த முடிவுகள் கிடைத்தன' என்று எழுதியிருந்தேன். பொய்யில்லை, ஆனால் படிப்பவர் அதிலிருந்து எடுத்துக்கொள்ள ஒன்றுமில்லை. அந்த இடத்தில் இறுதியாக நின்றது இது: 'நான்கு மணி நேரத்தில், உப்பில்லாத கரைசலின் ஒளி உட்கவர்வு 0.80இலிருந்து 0.20 ஆகக் குறைந்தது. லிட்டருக்கு 50 கிராம் நீரற்ற கிளாபர் உப்பு சேர்த்ததில் 0.28 வரை வந்தது. அதே எடை சாதா உப்பு சேர்த்ததில் 0.60 அளவிலேயே நின்றுவிட்டது. கொதிக்கவைத்து நொதியை அழித்த சாற்றுடன் சாதா உப்பைச் சேர்த்தபோது 0.76 ஆனது.'

கடைசி வாக்கியம் ஏன் தேவைப்பட்டது என்பதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும், ஏனெனில் அறிக்கையின் கனம் முழுவதும் அதில்தான் இருந்தது. நிறம் குறைந்தது என்பதால் நொதி சாயத்தை உடைத்தது என்று ஆகிவிடாது. உப்பு மிகுந்த நீரில் சாய மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கீழே படியலாம். சாற்றில் மிதக்கும் வைக்கோல் துணுக்குகளிலும் சாயம் ஒட்டிக்கொள்ளலாம். இரண்டிலும் குவெட்டில் நிறம் குறையும், சாயம் அப்படியே இருக்கும். கொதித்த சாற்றில் 5 சதவீதம் குறைந்தது என்றால் அந்த அளவு நொதியின் வேலை அல்ல என்று பொருள். அதைக் கழித்தால், சாதா உப்பில் நொதி செய்தது ஏறக்குறைய 20 சதவீதம்தான். உப்பில்லாத கரைசலில் மொத்தக் குறைவு 75 சதவீதம். சாற்றுக்கே பழுப்பு நிறம் இருப்பதால், சாயமில்லாத சாற்றின் அளவை ஒவ்வொரு முறையும் கழித்ததையும் அரை வரியில் குறித்திருந்தேன். ஆய்வகத்தில் பயிற்சிக்கு ஆள் எடுப்பவர், வருபவர் கட்டுப்பாட்டுச் சோதனை வைக்கத் தெரிந்தவரா என்று பார்ப்பார். 'எனக்குக் கட்டுப்பாட்டுச் சோதனைகளின் முக்கியத்துவம் தெரியும்' என்று எழுதுவதைவிட 0.76 என்ற அந்த ஒரு எண் அதிகம் சொல்லும்.

அடுத்த பத்தி, என் கல்லூரி மேசையில் விடை காண முடியாத கேள்வி. சாதா உப்பில் இருக்கும் குளோரைடு அயனி லாக்கேஸின் வேலையைத் தடுக்கும் என்பது ஆய்வுலகில் ஏற்கெனவே அறியப்பட்டது. அதை நானே கண்டுபிடித்தது போல எழுதினால் முதல் வாசிப்பிலேயே விண்ணப்பம் ஒதுங்கிவிடும். எனவே 'குளோரைடு தடுக்கும் என்ற முந்தைய முடிவுகளுடன் இது ஒத்துப்போகிறது' என்று தொடங்கி, எனக்குத் தெரியாததை அடுத்து வைத்தேன். சாதா உப்பு நொதியைத் தற்காலிகமாகத் தடுக்கிறதா, நிரந்தரமாகக் கெடுக்கிறதா? தற்காலிகம் என்றால், உப்பு நீங்கியதும் நொதி மீண்டும் வேலை செய்யும். என் சாறு பல புரதங்கள் கலந்த கச்சாச் சாறு என்பதால் எதையும் லாக்கேஸின் மேல் மட்டும் ஏற்றிச் சொல்ல முடியாது. முதலில் நொதியைத் தூய்மைப்படுத்த வேண்டும். பிறகு குளோரைடின் அளவையும் வினைப்பொருளின் அளவையும் தனித்தனியே மாற்றி வேகத்தை அளக்க வேண்டும். எங்கள் கல்லூரியில் ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர் உண்டு, புரதத்தைப் பிரிக்கும் நிறப்பிரிகைக் கருவி இல்லை.

இங்கேதான் அந்த ஆய்வகம் அறிக்கைக்குள் வருகிறது. அவர்களுடைய ஆய்வுக்கட்டுரைகளில் சுருக்கத்தையும் முடிவுரையையும் விட, செய்முறைப் பகுதியைத்தான் ஊன்றிப் படித்தேன். எந்த நொதியை எந்தக் கருவியால் தூய்மைப்படுத்துகிறார்கள், எந்தத் தாங்கல் கரைசலில் அளக்கிறார்கள் என்பது அங்கேதான் இருக்கும். பூஞ்சை நொதிகளைப் பிரித்தெடுக்கும் முறை ஒரு கட்டுரையில் தெளிவாக இருந்தது. 'அந்த முறையைக் காளான் படுக்கைச் சாற்றில் பயன்படுத்தக் கற்றுக்கொள்ள விரும்புகிறேன்' என்று எழுதினேன். பேராசிரியரின் விருதுகளைப் பற்றியோ துறையின் தரவரிசையைப் பற்றியோ ஒரு சொல்லும் எழுதவில்லை. அவை அவருக்கே தெரியும்.

இரண்டு மாதத்துக்குள் எது அடங்கும் என்பதையும் எழுதச் சொன்னார் அக்கா. சாயம் உடைந்து என்னவாகிறது என்பதை நிறை நிறமாலைமானி கொண்டு அறிய வேண்டும் என்ற ஆசையும் எனக்கிருந்தது. அது தனி வேலை; தூய்மைப்படுத்துதலே ஒரு மாதத்தை விழுங்கக்கூடும். ஆகவே முதல் மாதம் நொதியைப் பிரித்தல், இரண்டாம் மாதம் குளோரைடு அளவை மாற்றி வேகத்தை அளத்தல் என்று இரண்டே படிகளோடு நிறுத்திக்கொண்டேன். நொதி போதிய தூய்மையுடன் கிடைக்காவிட்டால், கச்சாச் சாற்றிலிருந்து உப்பை நீக்கிவிட்டு நொதி மீள்கிறதா என்பதை மட்டும் பார்க்கலாம் என்று மாற்றுவழியையும் சேர்த்தேன். பட்டறை நீர் காரத்தன்மை மிகுந்தது, நான் அளந்ததோ பி.எச். 5இல், ஆகவே இந்த முடிவுகள் நேரடியாகப் பட்டறைக்குப் பொருந்தா என்று ஒரு வரியில் எல்லையும் குறித்தேன். 'திருப்பூரின் மாசுச் சிக்கலைத் தீர்ப்பேன்' என்பது போன்ற வாக்கியங்களுக்கு அந்த ஒரு வரிக்குப் பிறகு இடமே இல்லாமல் போனது. நல்லதாயிற்று.

நொய்யல் முழுவதும் போய்விடவில்லை. தொடக்கத்தில் ஒரே வாக்கியமாக நின்றது: அப்பா வேலை செய்யும் பட்டறையில் சாயத்தொட்டிக்குப் போகும் உப்பின் அளவைக் கேட்டறிந்த பிறகே என் சோதனையில் உப்பைச் சேர்த்தேன் என்று. ஊர் அங்கே சோதனைக்கான காரணமாக வந்தது, அவ்வளவுதான்.

அனுப்பிய விதம் பற்றிச் சொல்ல அதிகமில்லை. எல்லாவற்றையும் ஒரே பி.டி.எஃப். கோப்பாக்கி, கோப்புக்கு என் பெயரை இட்டு, மின்னஞ்சலின் உடலில் கேள்வியை இரண்டு வரியில் எழுதி அனுப்பினேன். பதில் வரத் தாமதமானது. நினைவூட்டல் ஒன்று அனுப்பிய பிறகே வந்தது.

காணொளி வழியே நடந்த உரையாடலில் பேராசிரியர் தன்விவரத்தைத் தொடவே இல்லை. அறிக்கையைத் திறந்து வைத்துக்கொண்டு, "ரெண்டு உப்பையும் ஒரே எடையில எடுத்திருக்கீங்க. ஒரே எடைன்னா அயனிகளோட அளவு ஒண்ணா இருக்காதே, வித்தியாசம் குளோரைடாலதான்னு எப்படிச் சொல்றீங்க?" என்று கேட்டார். கேட்கக்கூடிய கேள்வி என்று அக்காவும் எச்சரித்திருந்ததால் கணக்கைப் போட்டு வைத்திருந்தேன். லிட்டருக்கு 50 கிராம் சாதா உப்பு 0.86 மோலார், அயனிகளின் செறிவையும் மின்னூட்டத்தையும் சேர்த்துக் கணக்கிடும் அயனி வலிமையும் அதுவே. அதே எடை நீரற்ற கிளாபர் உப்பு 0.35 மோலார்தான்; ஆனால் சல்பேட்டுக்கு இரட்டை மின்னூட்டம் என்பதால் அயனி வலிமை 1.06 ஆகிறது. அயனி வலிமைதான் காரணம் என்றால் கிளாபர் உப்பில்தான் நொதி அதிகம் தளர்ந்திருக்க வேண்டும், நடந்தது நேர்மாறு. "சரிங்க, ஆனா இது குளோரைடை நோக்கிக் கை காட்டுது, அவ்வளவுதான். குளோரைடை மட்டும் மாத்தி, சல்பேட்டால அயனி வலிமையைச் சமமா வெச்சு ஒரு வரிசை போடணும்" என்றார். மே மாதம் போய்ச் சேர்ந்ததும் எனக்குக் கொடுக்கப்பட்ட முதல் வேலை அந்த வரிசைதான். தூய்மைப்படுத்துதல் அதற்குப் பிறகே தொடங்கியது.