பத்தொன்பதிலிருந்து முப்பத்தைந்துக்கு: பத்தாம் வகுப்புக் கணிதத்தில் ஒரு மாணவனோடு நடந்த வழி

அரையாண்டுத் தேர்வில் கணிதத்தில் 19 மதிப்பெண் பெற்ற மாணவன் ஒருவன், பொங்கலுக்குப் பிறகு மாலை வகுப்புக்கு வருவதை நிறுத்திவிட்டான். கும்பகோணத்துக்குத் தெற்கே உள்ள எங்கள் பகுதியில் அது சம்பா அறுவடைக் காலம் என்பதால், வயல் வேலைக்காக நின்றிருப்பான் என்றே முதலில் எண்ணினேன். அறுவடை இயந்திரம் வந்து போன பிறகும் அவன் வரவில்லை. "எப்படியும் பெயிலாகத்தான் போகிறேன், எதற்குச் சார்" என்று சொன்னதாக அவனுடைய நண்பன் மூலம் தெரிந்தது. மறுநாள் அவனுடைய அரையாண்டு விடைத்தாளை வாங்கிவரச் சொல்லி, அதை வைத்துக்கொண்டு அவனுடைய அப்பாவின் வாட்ஸ்அப் எண்ணுக்கு ஒரு நீண்ட செய்தி எழுதினேன். தைரியமூட்டும் வார்த்தைகள் எதையும் அதில் நான் எழுதவில்லை. அவனுடைய மதிப்பெண் எங்கே கிடைத்தது, எங்கே கிடைக்கவில்லை என்ற கணக்கை மட்டும் எழுதினேன்.

அந்தச் செய்தியின் முக்கியப் பகுதி இது:

"தம்பி, கணித வினாத்தாள் மொத்தம் 100 மதிப்பெண், தேர்ச்சிக்கு 35 வேண்டும். ஒரு மதிப்பெண் வினாக்கள் பதினான்கில் நீ 5 வாங்கியிருக்கிறாய். இரண்டு மதிப்பெண் பகுதியில் பத்து வினாக்களுக்கு விடை எழுத வேண்டும். நீ எழுதியவற்றில் மூன்று சரி, ஆகவே 6. ஐந்து மதிப்பெண் பகுதியில் மூன்று கணக்குகளைப் பாதிவரை செய்து 8 வாங்கியிருக்கிறாய். இறுதிப் பகுதியில் வடிவியல் வரைதல் 8, வரைபடம் 8 என்று மொத்தம் 16 மதிப்பெண் இருக்கிறது. அந்தப் பக்கங்களை நீ வெறுமையாக விட்டிருக்கிறாய். உனக்கு இன்னும் தேவைப்படுவதும் 16 தான். அந்த 16-ஐயும் அங்கேயே முழுமையாக வாங்கச் சொல்லவில்லை. வரைதலில் 6, வரைபடத்தில் 6 வந்தால் 31 ஆகிறது. ஒரு மதிப்பெண் வினாக்களில் இன்னும் மூன்று சரியானால் 34. இரண்டு மதிப்பெண் வினா ஒன்று கூடினால் 36. நாளை மாலை ஸ்கேலும் காம்பஸும் பென்சிலும் மட்டும் எடுத்துக்கொண்டு வா. புத்தகம் வேண்டாம்."

அவன் வந்தான். நான் வரைபடத்தில் தொடங்கினேன். அதற்குக் காரணம் உண்டு. இயற்கணிதத்தில் ஒரு படி தவறினால் பின்னால் வரும் எல்லாமே தவறாகிவிடும் என்ற பயம் அவனிடம் இருந்தது. மாறல் வரைபடத்தில் பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும். தன் விடை சரியா என்று மாணவன் தானே பார்த்துக்கொள்ளவும் முடியும். அட்டவணை, அளவுத்திட்டம், புள்ளிகள், வளைவரை, அதிலிருந்து படித்தறியும் விடை என்று படிப்படியாக மதிப்பெண் கிடைப்பதால், கடைசிப் படி தவறினாலும் முன்னால் செய்தது வீணாகாது.

எடுத்துக்கொண்ட முதல் கணக்கு xy = 24 என்ற எதிர் மாறல். x-க்கு 2, 3, 4, 6, 8, 12 என்று 24-ஐ மீதியின்றி வகுக்கும் எண்களையே எடுக்கச் சொன்னேன். y-க்கு 12, 8, 6, 4, 3, 2 என்று வருகிறது. அட்டவணையின் ஒவ்வொரு இணையையும் பெருக்கிப் பார்த்து 24 வருகிறதா என்று உறுதிசெய்த பிறகே வரைபடத்தாளைத் தொட வேண்டும் என்பது எங்களுக்குள் ஒரு விதியாயிற்று. இரண்டு அச்சுகளிலும் 1 செ.மீ. = 1 அலகு என்று எடுத்தால் எல்லாப் புள்ளிகளும் தாளுக்குள் அடங்கும்; அந்த அளவுத்திட்டத்தைத் தாளின் மூலையில் எழுதுவதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்.

முதல் திருப்புதல் தேர்வில் அவனுக்கு 28 வந்தது. வரைபடத்தில் 5, வரைதலில் 3. முகம் வாடித்தான் வந்தான். ஆனால் வெறுமையாக இருந்த இடத்தில் இப்போது எட்டு மதிப்பெண் இருந்தது. இழந்த மதிப்பெண்ணுக்கும் பெயர் சொல்லத் தெரிந்தது. வரைபடத்தில் அவன் புள்ளிகளை ஸ்கேல் வைத்து நேர்க்கோடுகளால் இணைத்திருந்தான். "புள்ளியெல்லாம் சரிதானே சார்?" என்று கேட்டான். கேட்க வேண்டிய கேள்விதான் அது. (4, 6), (6, 4) ஆகிய புள்ளிகளை நேர்க்கோட்டால் இணைத்துவிட்டு, x = 5 எனில் y என்ன என்று அவனையே படித்துப் பார்க்கச் சொன்னேன்; 5 என்றான். ஐந்தை ஐந்தால் பெருக்கினால் 25 வருகிறதே, 24 எங்கே என்றேன். சிறிது நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, 24-ஐ 5-ஆல் வகுத்து 4.8 என்று எழுதினான்; பிறகு அந்தப் புள்ளி நேர்க்கோட்டுக்குச் சற்றுக் கீழே விழுவதைத் தானே குறித்துக் காட்டினான். எதிர் மாறலில் கோடு ஏன் வளைய வேண்டும் என்பதை அதன் பிறகு அவனுக்கு நான் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. நேர் மாறலில் மட்டும் ஸ்கேல், அதுவும் ஆதிப்புள்ளி வழியாக. எதிர் மாறலில் கையால் இழுக்கும் வளைவரை.

வடிவியல் வரைதலில் அவன் தவறியது வடிவொத்த முக்கோணத்தில். PQR-க்கு ஒத்த பக்கங்கள் 7/3 மடங்கு உள்ள முக்கோணம் வரைய வேண்டும். QR-க்குக் கீழே குறுங்கோணத்தில் QX என்ற கதிர் வரைந்து ஏழு சம அளவுப் புள்ளிகளைக் குறித்ததுவரை சரி. ஆனால் ஏழாவது புள்ளியை R-உடன் இணைத்திருந்தான். இணைக்க வேண்டியது பின்னத்தின் பகுதியில் உள்ள எண்ணை, அதாவது மூன்றாவது புள்ளியை; ஏழாவது புள்ளியிலிருந்து அதற்கு இணையாக வரையும் கோடு, நீட்டப்பட்ட QR-ஐ வெட்டும் இடமே புதிய முனை R′. இதில் குழப்பம் வந்தால் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. பின்னம் 1-ஐ விடப் பெரியது என்றால் புதிய முக்கோணம் பழையதை விடப் பெரிதாக வர வேண்டும். சிறிதாக வந்தால் புள்ளிகள் இடம் மாறியிருக்கின்றன. உதவிப்படத்தை முதலிலேயே போட்டுவிட்டால் இந்தச் சோதனை கண்ணுக்கே தெரிந்துவிடும்.

ஒரு மதிப்பெண் வினாக்களுக்கு நான் தனியாக நேரம் ஒதுக்கவில்லை. பாடநூலில் ஒவ்வொரு இயலின் முடிவிலும் உள்ள பலவுள் தெரிவு வினாக்களை, காலையில் பேருந்துக்குக் காத்திருக்கும்போது ஒரு இயலுக்கு ஐந்து என்ற அளவில் பார்த்தான். குறியீட்டை மட்டும் எழுதாமல் விடையையும் சேர்த்து எழுத வேண்டும் என்பதை மட்டும் அடிக்கடி நினைவூட்டினேன்.

இந்தத் திட்டத்துக்கு ஓர் எல்லை இருக்கிறது. 36 என்பது ஒரு மதிப்பெண் மட்டுமே கூடுதல். தேர்வு அறையில் ஒரு தடுமாற்றம் வந்தாலே அது போய்விடும். வரைபட வினாவில் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம் என்றாலும், மாறல் கணக்கு வந்தே தீரும் என்று நம்பியிருக்கவும் முடியாது. ஆகவே திருப்புதலுக்குப் பிறகு இருபடி வரைபடத்தையும், முதல் இயலில் உள்ள A × (B ∪ C) = (A × B) ∪ (A × C) வகைச் சரிபார்த்தலையும் சேர்த்துக்கொண்டோம். பின்னதில் சூத்திரம் எதுவும் இல்லை. வரிசைச் சோடிகளைப் பொறுமையாக எழுதினால் ஐந்து மதிப்பெண் வரும். உளுந்து எடுக்கும் வேலையில் அம்மாவுக்கு உதவிவிட்டு வந்த நாள்களில்கூட அதை ஒன்றாவது எழுதிவிட்டுத்தான் போனான்.

இரண்டாம் திருப்புதலில் வரைபடம் 7, வரைதல் 7, ஒரு மதிப்பெண் பகுதியில் 9, இரண்டு மதிப்பெண் பகுதியில் 8, ஐந்து மதிப்பெண் பகுதியில் 8 என்று 39 வந்தது. பொதுத்தேர்வில் 44. முடிவு வந்த அன்று, இயற்கணிதத்தில் காரணிப்படுத்துவதை முதலிலிருந்து சொல்லித்தர முடியுமா, பதினொன்றாம் வகுப்பில் வணிகவியல் எடுத்தாலும் கணக்கு தேவைப்படுமாமே என்று கேட்டு அப்பாவின் எண்ணிலிருந்தே செய்தி அனுப்பினான்.